தமிழ்ப் படம், சப்டைட்டில், தினம் 2 ஜிபி: எந்தத் தளத்துக்குப் பணம் கட்டலாம்?

"புனேயில் இருக்கிறோம். கணவருக்குத் தமிழ் தெரியாது, ஆங்கில சப்டைட்டில் இருந்தால்தான் பார்ப்பார். அப்பாவுக்குக் காது மந்தம், தமிழிலேயே எழுத்து ஓடினால் நல்லது. வீட்டில் பிராட்பேண்ட் இல்லை, ஃபோனில் ஒரு நாளைக்கு 2 ஜிபிதான். நெட்ஃபிளிக்ஸ், பிரைம், ஹாட்ஸ்டார், சன் நெக்ஸ்ட், இதில் எதற்குப் பணம் கட்டினால் வீணாகாது?"

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் திட்டத்தை ஒரே ஒரு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். குடும்பத்தில் ஏற்கெனவே அமேசான் பிரைம் இருந்தால் அதையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்டாரும் சன் நெக்ஸ்டும் குறிப்பிட்ட ஒரு படத்துக்காக எடுத்து, பார்த்து முடித்ததும் விட்டுவிட வேண்டியவை. எதற்கும் ஆண்டுச் சந்தா வேண்டாம். தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுவது என் தொழில், அதனால் எழுத்து ஒழுங்காக ஓடுகிறதா என்பதில்தான் என் கண் முதலில் போகும். படம் எவ்வளவு பளபளப்பாகத் தெரிகிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சம். உங்கள் வீட்டுக்கும் அதுவே சரி என்றுதான் தோன்றுகிறது.

உங்கள் கேள்வியில் சப்டைட்டிலும் டேட்டாவும் தனித்தனிப் பிரச்சினைகள் போலத் தெரிகின்றன. உண்மையில் இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. சப்டைட்டில் இரண்டு விதமாக வரும். ஒன்று, படத்தோடு சேராமல் தனியாக ஒரு எழுத்துக் கோப்பாக வருவது. எந்த நொடியில் எந்த வரி தோன்ற வேண்டும், எப்போது மறைய வேண்டும் என்பது மட்டும்தான் அதில் இருக்கும். முழுநீளப் படத்துக்கும் அது பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கிவிடும், வாட்ஸாப்பில் வரும் ஒரு ஃபோட்டோ அளவுதான். இன்னொன்று, எழுத்தைப் படத்தின் மேலேயே அச்சடித்துவிடுவது. யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும் பல பழைய படங்களில் இருப்பது இதுதான். முதல் வகையில் எழுத்தை வரைவது உங்கள் ஃபோன். ஆகவே படத்தின் தரத்தை எவ்வளவு இறக்கினாலும் எழுத்து கூர்மையாகவே நிற்கும். இரண்டாம் வகையில் எழுத்தும் படத்தின் ஒரு பகுதி என்பதால் தரத்தை இறக்கியதும் அதுவும் சேர்ந்து குழம்பிப்போகும். வெள்ளைச் சட்டை, வெயில் காட்சி என்று வந்துவிட்டால் படிக்கவே முடியாது.

எது எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். ப்ளேயரில் சப்டைட்டிலை அணைக்கும் வசதி இருக்கிறதா, அணைத்தால் எழுத்து மறைகிறதா என்று பாருங்கள். மறைந்தால் அது தனிக் கோப்பு. டேட்டா குறைவாக உள்ளவர்கள் அந்த வகைக்கு மட்டும்தான் பணம் கொடுக்க வேண்டும். 2 ஜிபியில் உயர்ந்த தரம் கட்டுப்படியாகாது, தாழ்ந்த தரத்திலும் எழுத்து தெளிவாக இருக்க வேண்டும் என்றால் இந்த ஒரு வழிதான்.

சரி, எவ்வளவு டேட்டா போகும்? எந்தத் தளத்துக்கும் பொருந்தும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 450 எம்பி. நெட்ஃபிளிக்ஸ் தானே வெளியிட்டிருக்கும் அளவுப்படி குறைந்த தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 0.3 ஜிபி வரையும், நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரையும், ஹெச்டியில் 3 ஜிபி வரையும் போகும். நம் படங்களோ பலவும் இரண்டரை மணி நேரத்தைத் தொடுபவை. 2 மணி 40 நிமிடப் படம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். குறைந்த தரத்தில் அது 0.8 ஜிபி, உங்கள் அன்றைய டேட்டாவில் பாதிகூட ஆகாது. நடுத்தரத்தில் கிட்டத்தட்ட 1.9 ஜிபி. படம் முடியும், ஆனால் மிச்ச நாளைக்கு ஒன்றும் இருக்காது. ஹெச்டி உச்சத்துக்குப் போனால் 8 ஜிபி வரை கேட்கும், இடைவேளை வருவதற்கு முன்பே உங்கள் 2 ஜிபி காலி. ஜியோ, ஏர்டெல் பேக்குகளில் தினசரி அளவு தீர்ந்தபின் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். குறைந்த தரத்துக்கே அதைப்போலப் பத்து மடங்கு வேகம் வேண்டும், அதனால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நெட்ஃபிளிக்ஸ் ஃபோன் செயலியில் App Settings போய் Mobile Data Usage என்பதைத் திறந்து, தானியங்கியை அணைத்துவிட்டு Save Data என்று வையுங்கள். ஒரு ஜிபிக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் வரும் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. ஆண்ட்ராய்டு ஃபோன்களில் இந்த அமைப்பில் பார்ப்பவர்களுக்கு 2020 முதல் சில படங்களை ஏவி1 என்ற புதிய சுருக்க முறையில் அனுப்பத் தொடங்கினார்கள். அதே டேட்டாவில் கொஞ்சம் தெளிவான படம் கிடைக்கும். படத்தின் தரம் 480பி என்று எல்லாத் தளங்களிலும் ஒன்றுபோல எழுதியிருந்தாலும் போகும் டேட்டா ஒன்றாக இருக்காது என்பதற்கு இந்தச் சுருக்க முறை வேறுபாடு ஒரு பெரிய காரணம். பிரைம் வீடியோ செயலியிலும் Settings பகுதியில் Stream & Download என்ற இடத்தில் தரத்தை இறக்கி வைக்கலாம்.

மற்ற தளங்களுக்கு யாராவது சொல்லும் எண்ணை நம்புவதைவிட நீங்களே அளந்துகொள்வது நல்லது. ஆண்ட்ராய்டு ஃபோனில் எந்தச் செயலி எவ்வளவு மொபைல் டேட்டா எடுத்தது என்று தனித்தனியாகக் காட்டும் பக்கம் உண்டு. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு படத்தை ஓட விடுங்கள். ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடாதீர்கள், ஏனென்றால் செயலி தொடக்கத்தில் சில நிமிடக் காட்சியை முன்கூட்டியே இழுத்து வைத்துக்கொள்ளும், கணக்கு எகிறித் தெரியும். இருபது நிமிடம் கழித்துப் பாருங்கள். 130 எம்பி கூடியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 390 எம்பி, நம் 2 மணி 40 நிமிடப் படத்துக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேலே. இது தாராளமாகக் கட்டுப்படியாகும். 300 எம்பி கூடியிருந்தால் தரம் நடுத்தரத்தையும் தாண்டிப் போகிறது, உடனே இறக்குங்கள். போகிற போக்கில் இன்னொன்று: பெரும்பாலான ப்ரீபெய்டு பேக்குகளில் தினசரி அளவு நள்ளிரவில் புதுப்பிக்கப்படும். சனிக்கிழமை இரவு பத்தரைக்குப் படம் போட்டால் பாதிப் படம் அன்றைய மிச்சத்தில் ஓடும், மீதி ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் போகும்.

இப்போது படங்களின் பட்டியலுக்கு வருவோம். எந்தத் தளத்திலும் "எல்லாத் தமிழ்ப் படமும்" கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் படத்தின் டிஜிட்டல் உரிமையைத் தனித்தனியாக விற்கிறார், யார் அதிகம் கொடுத்தாரோ அங்கே போகிறது. விக்ரம் ஹாட்ஸ்டாருக்குப் போனது, லியோவும் மகாராஜாவும் நெட்ஃபிளிக்ஸுக்குப் போயின, பொன்னியின் செல்வனின் இரண்டு பாகங்களும் பிரைமுக்குப் போயின. கொரோனா காலத்தில் தியேட்டருக்கே வராமல் நேரடியாக வந்த சூரரைப் போற்று, சார்பட்டா பரம்பரை, ஜெய் பீம் மூன்றும் பிரைமில்தான் வெளியாயின. ஆகவே தளங்களை ஒப்பிட்டுக்கொண்டே இருப்பதில் பயனில்லை. நீங்கள் மூவரும் உட்கார்ந்து அடுத்த இரண்டு மாதத்தில் பார்க்க விரும்பும் படங்களை ஒரு தாளில் எழுதுங்கள். JustWatch தளத்தில் நாட்டை இந்தியா என்று வைத்து ஒவ்வொன்றையும் தேடுங்கள். அதிகப் படங்கள் எதில் விழுகிறதோ அதற்கு ஒரு மாதம் பணம் கட்டுங்கள். உரிமைக் காலம் முடிந்த படங்கள் ஒரு தளத்திலிருந்து இறங்கி வேறொன்றில் ஏறுவது சாதாரணம், ஆகவே பணம் கட்டும் அன்றே தேடுங்கள், போன வருடம் நண்பர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

சன் நெக்ஸ்டின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. சன் டிவி பல ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த படக் கிடங்கு அதன் பின்னால் நிற்கிறது, எண்பதுகள், தொண்ணூறுகளின் படங்களை அப்பா தேடுகிறார் என்றால் அங்கேதான் போக வேண்டும். சன் பிக்சர்ஸ் தயாரிக்கும் புதுப் படங்களும் அங்கே வருவது வழக்கம். பீஸ்ட் படம் 2022 மே மாதம் நெட்ஃபிளிக்ஸிலும் சன் நெக்ஸ்டிலும் ஒரே நாளில் வந்தது. இப்படி ஒரே படம் இரண்டு இடத்தில் இருந்தால் டேட்டாக் கட்டுப்பாடு எதில் எளிதோ அதில் பாருங்கள். ஆனால் பழைய படம் இருக்கிறது என்பதால் அதற்குச் சப்டைட்டிலும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. பழைய படங்களுக்குப் பெரும்பாலும் யாரும் எழுதவே இல்லை. எழுத ஆள் வேண்டும், அவருக்குக் கூலி வேண்டும், பத்துப் பேர் பார்க்கும் படத்துக்கு அந்தச் செலவை யாரும் செய்ய மாட்டார்கள். எங்கள் தொழிலின் நிலைமை அது.

பணம் கட்டும் முன்பே சப்டைட்டில் மொழியைத் தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதையும் நான் ஒரு அளவுகோலாக வைப்பேன். நெட்ஃபிளிக்ஸில் படத்தின் பெயரைக் கூகிளில் தேடி அதன் பக்கத்துக்குப் போனால், உள்ளே நுழையாமலே கீழே ஆடியோ, சப்டைட்டில் மொழிகள் எழுதியிருக்கும். பிரைம் வீடியோவின் படப் பக்கத்திலும் அப்படியே. இவற்றில் படத்துக்குப் படம் உறுதியாகச் சொல்லிவிடலாம். மற்ற இரண்டிலும் படத்தை ஓடவிட்டு ப்ளேயரின் மெனுவைத் திறந்து பார்ப்பதுதான் நிச்சயமான வழி. இலவசமாக ஓடுகிற பகுதி ஏதாவது இருந்தால் அதில் பாருங்கள், இல்லையென்றால் இருப்பதிலேயே குறைந்த காலத் திட்டத்தை எடுங்கள்.

சப்டைட்டில் இருந்தும் பார்க்க முடியாத நிலை ஒன்று உண்டு, எழுத்து வசனத்துக்கு முன்னாலோ பின்னாலோ ஓடுவது. இதில் இரண்டு வகை. படம் முழுக்க ஒரே அளவு, எடுத்துக்காட்டாக இரண்டு நொடி, தள்ளியே ஓடினால் படத்தின் தொடக்கத்தில் எச்சரிக்கை அட்டையோ தயாரிப்பு நிறுவனத்தின் முத்திரையோ கூடியோ குறைந்தோ இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக விலகினால் அது வேறு. சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்படுவது, நம் ஊர் டிவி ஒளிபரப்பு 25 ஃபிரேம். டிவிக்காக மாற்றிய பிரதியில் படம் சற்று வேகமாக ஓடும், ஒரு மணி நேரக் காட்சி 57 நிமிடம் 36 நொடியில் முடிந்துவிடும். ஒன்றுக்கு எழுதிய கோப்பை இன்னொன்றின் மேல் போட்டால் ஒரு மணி நேரத்தில் இரண்டு நிமிடத்துக்கும் மேல் விலகல் வந்துவிடும். அது பழகுகிற விஷயமே இல்லை. இதற்குப் பார்ப்பவரால் செய்ய முடிந்தது ஒன்றும் கிடையாது. எனவே புதிய தளத்தில் படம் தொடங்கும் முன் நடுவில் ஓரிடத்துக்குத் தாவி, முகம் நேராகத் தெரியும் ஒரு வசனத்தில் உதடும் எழுத்தும் சேர்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கணவரை உட்கார வைத்து இடைவேளைக்குப் பிறகு சங்கடப்பட வேண்டாம்.

அப்பா விஷயம் இதைவிடக் கடினம், இதை மறைக்க விரும்பவில்லை. தமிழ்ப் படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. தமிழ்ப் படத்துக்குத் தமிழ் எழுத்து என்பது இன்னும் அரிது. தியேட்டரில் வெளியாகி வாங்கப்பட்ட படங்களைவிடத் தளங்களே தயாரித்த தமிழ்ப் படங்களிலும் தொடர்களிலும் அது கிடைக்க வாய்ப்பு அதிகம். நெட்ஃபிளிக்ஸை நான் முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்: கணினி உலாவியில் உள்ளே நுழைந்தால் Browse by Languages என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் Subtitles என்றும் Tamil என்றும் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்து உள்ளவை மட்டும் வரிசையாக வரும். மொபைல் திட்டத்தில் கணினியில் படம் ஓடாது, பெயர்களைக் குறித்துக்கொள்ள மட்டும் அது உதவும். தமிழ் எழுத்து கிடைக்காத படத்தில், அப்பாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வருமென்றால், வெறும் English என்பதைவிட English [CC] என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். கதவு தட்டும் சத்தம், ஃபோன் மணி, பின்னால் கேட்கும் பாட்டு எல்லாம் அதில் எழுதியிருக்கும். கணவருக்கு அது தொந்தரவாக இருக்கலாம், அவருக்குத்தான் சத்தம் கேட்கிறதே.

நீங்கள் கேட்காத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஒரு திரையில் ஒரு சப்டைட்டில்தான் ஓடும். கணவர் ஆங்கிலத்திலும் அப்பா தமிழிலும் ஒரே ஃபோனில் ஒரே நேரத்தில் படிக்க வழியில்லை. இரண்டு ஃபோனில் தனித்தனியாகப் போட்டால் டேட்டா இரட்டிப்பாகும். தவிர நெட்ஃபிளிக்ஸின் மொபைல் திட்டத்திலும் 199 ரூபாய் பேசிக் திட்டத்திலும் ஒரு நேரத்தில் ஒரு திரைதான், இரண்டு திரைக்கு 499 ரூபாய்த் திட்டம் வேண்டும். ஆகவே மூவரும் சேர்ந்து பார்க்கும் நாளில் ஆங்கில எழுத்தை வைத்துவிட்டு, அப்பாவுக்கு மட்டும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஃபோனில் Accessibility பகுதியில் சப்டைட்டில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம், பின்னால் கறுப்புப் பட்டையும் வைக்கலாம். சில செயலிகள் இதற்குத் தங்கள் சொந்த அமைப்பை வைத்திருக்கின்றன. டிவி வாங்கும் எண்ணம் இருந்தால் மொபைல் திட்டம் டிவியில் ஓடாது, 199 ரூபாய்க்கு மாற வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை மாதக் கணக்கில் பேசுவோம். பிரைம் மாதம் 299, ஆண்டுக்கு 1499 ரூபாய். பொருள் வாங்குவதற்காக ஏற்கெனவே எடுத்திருந்தால் படம் கிட்டத்தட்ட இலவசம், படத்துக்காக மட்டும் என்றால் மாதக் கட்டணம் உறைக்கும். 2025 ஜூன் முதல் அதில் விளம்பரங்களும் வருகின்றன, அவற்றை நீக்கத் தனிக் கட்டணம். ஜியோஹாட்ஸ்டாரில் மொபைல், சூப்பர், பிரீமியம் என்று மூன்று படிகள், முதல் இரண்டிலும் விளம்பரம் உண்டு. விளம்பரமும் வீடியோதான், அதுவும் உங்கள் 2 ஜிபியில்தான் கழியும். கட்டணங்களை இவர்கள் அடிக்கடி மாற்றுவார்கள், ஆகவே கட்டும் முன் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் ரீசார்ஜைப் பாருங்கள். சில நீண்ட காலப் பேக்குகளில் நெட்ஃபிளிக்ஸ் மொபைலோ ஹாட்ஸ்டாரோ சேர்ந்தே வருகிறது. 84 நாள் பேக் ஒன்றில் நெட்ஃபிளிக்ஸ் சேர்ந்ததற்கும் சேராததற்கும் உள்ள வித்தியாசம் 400 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் சேர்ந்ததை எடுப்பதே லாபம். நெட்ஃபிளிக்ஸை மட்டும் தனியாகக் கட்டினால் மூன்று மாதத்துக்கு 447 ஆகிறது.

கடைசியாக டவுன்லோடு. அலுவலகத்திலோ நண்பர் வீட்டிலோ வைஃபை கிடைத்தால் அங்கேயே படத்தை இறக்கிக்கொண்டு வந்துவிடுங்கள், வீட்டில் டேட்டாவே செலவாகாது. ஆனால் இறக்கும்போது எல்லா மொழி சப்டைட்டிலும் கூடவே வருவதில்லை. முதலில் படத்தை ஒரு நிமிடம் ஓட்டி, வேண்டிய எழுத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு இறக்குங்கள். முடிந்ததும் ஃபோனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றி எழுத்து ஓடுகிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சில படங்களுக்கு உரிமை ஒப்பந்தப்படி காலக்கெடு உண்டு, இறக்கி வைத்து ஒரு மாதம் விட்டுவிட்டால் மறுபடி இறக்கச் சொல்லும்.